ஸ்மோட் போட்டபின் வேலிடேஷனில் 97%, டெஸ்டில் 6%: ஓவர்சாம்ப்ளிங், அண்டர்சாம்ப்ளிங், கிளாஸ் வெயிட், எதை நம்புவது?

இளமாறன்

எல்லோருக்கும் வணக்கம். காகிளில் இருக்கும் கிரெடிட் கார்டு ஃபிராடு டேட்டாவை வைத்து ப்ராஜெக்ட் செய்துகொண்டிருக்கிறேன். 2013 செப்டம்பரில் ஐரோப்பியக் கார்டுகளில் இரண்டு நாள் நடந்த பரிவர்த்தனைகள். மொத்தம் 2,84,807. அதில் ஃபிராடு 492 மட்டும்தான், ஆயிரத்துக்கு இரண்டு கூட இல்லை.

முதலில் 20% டேட்டாவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்: 56,962 வரிசை, அதில் 98 ஃபிராடு. மிச்சம் 80%-இல் ஸ்மோட் போட்டு இரண்டு வகுப்பையும் சமமாக்கினேன். அதன்மேல் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனை ஐந்து ஃபோல்டு கிராஸ் வேலிடேஷனில் ஓட்டினால் பிரிசிஷன் 97%, ரீகால் 92%. சந்தோஷமாக இருந்தது.

பிறகு தனியாக வைத்த 20%-இல் பார்த்தேன். 98 ஃபிராடில் 90-ஐப் பிடித்திருக்கிறது, ரீகால் அப்படியே 92%. ஆனால் 1,386 நல்ல பரிவர்த்தனைகளையும் ஃபிராடு என்கிறது. பிரிசிஷன் 6%!

ஸ்மோட்டை விட்டுவிட்டு `class_weight="balanced"` போட்டேன், ஏறக்குறைய அதே நிலை. நல்ல பரிவர்த்தனைகளைக் குறைத்து 394-க்கு 394 என்று வைத்தும் பார்த்தேன், அதுவும் அப்படித்தான். மூன்றில் எது சரி? எங்கே கோளாறு?

செந்தில்_டேட்டா

தம்பி, இது லீக்கேஜ். ஸ்மோட்டை முதலில் போட்டுவிட்டு அப்புறம் ஃபோல்டு பிரித்திருக்கிறாய். ஸ்மோட் ஒரு ஃபிராடுக்கும் அதன் பக்கத்து ஃபிராடுக்கும் இடையில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் எங்காவது புதுப் புள்ளியை வைக்கும். அந்தப் புதுப் புள்ளி டிரெயினிலும் அதைப் பெற்ற அசல் புள்ளி வேலிடேஷனிலும் போய் உட்கார்ந்தால், மாடல் விடையைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுகிறது. அதனால்தான் 97.

ஒவ்வொரு ஃபோல்டிலும் டிரெயின் பகுதிக்கு மட்டும் ஸ்மோட் போகிற மாதிரி பைப்லைன் கட்டு. scikit-learn பைப்லைன் இதற்கு ஒத்துவராது, imblearn பைப்லைன் வேண்டும்.

```python
from imblearn.pipeline import make_pipeline
from imblearn.over_sampling import SMOTE
from sklearn.preprocessing import StandardScaler
from sklearn.linear_model import LogisticRegression
from sklearn.model_selection import cross_validate

m = make_pipeline(StandardScaler(),
                  SMOTE(random_state=0),
                  LogisticRegression(max_iter=1000))
cross_validate(m, X_tr, y_tr, cv=5,
               scoring=["precision", "recall"])
```

இதைச் சரி செய்தால் பிரச்சினை முடிந்தது. மூன்றில் ஸ்மோட்தான் சிறந்தது. சும்மா நகலெடுப்பதை விடப் புதுப் புள்ளி உருவாக்குவது எப்போதும் மேல்.

நெல்லை ஜேம்ஸ்

எனக்கும் இதே பிரச்சினை. வாடிக்கையாளர் புகார்களை மூன்று வகையாகப் பிரிக்கிறேன், 50, 30, 20 சதவீதம். ஸ்மோட் போட்டால் மேக்ரோ எஃப்1 அரைப் புள்ளி ஏறுது, சில சமயம் இறங்குது. நானும் பைப்லைனுக்கு மாறணுமா?

அன்பரசி

ஜேம்ஸ், 50-30-20 என்பது இங்கே பேசுகிற சமமின்மையே இல்லை. குறைந்த வகுப்பிலும் போதிய உதாரணங்கள் இருக்கின்றன. ஒன்றும் போடாமல் விடுங்கள். எந்த இரண்டு வகை ஒன்றோடொன்று குழம்புகிறது என்று கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸில் பாருங்கள், உங்களுக்கு அதில்தான் விடை கிடைக்கும்.

இளமாறன், செந்தில் சொன்ன பைப்லைன் முறை சரி, கட்டாயம் அப்படிச் செய்யுங்கள். ஆனால் 97 விழுந்து 6 ஆனதற்குக் காரணம் லீக்கேஜ் என்பதை நான் ஏற்கவில்லை. அதற்கான தடயம் நீங்கள் கொடுத்த எண்ணிலேயே இருக்கிறது. ரீகால் வேலிடேஷனிலும் 92, டெஸ்டிலும் 92. மாடல் விடையைப் பார்த்து எழுதியிருந்தால், புது டேட்டாவில் முதலில் அடி வாங்குவது ரீகால்தான். பார்க்காத ஃபிராடுகளைத் தவறவிடும். அது அசையவே இல்லை, பிரிசிஷன் மட்டும் சரிந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டெஸ்டில் நல்லவை 56,864. அதில் 1,386-ஐத் தவறாகப் பிடித்தால் 2.4%. இப்போது இதே மாடலை, ஒரு மாற்றமும் செய்யாமல், 98 ஃபிராடும் 98 நல்லதும் இருக்கும் ஒரு கற்பனை டெஸ்டில் ஓட்டுவோம். ஃபிராடில் 90 பிடிபடும். நல்லதில் 2.4%, அதாவது இரண்டு அல்லது மூன்று மாட்டும். பிரிசிஷன் எவ்வளவு? 90-ஐ 92.4-ஆல் வகுத்தால் 97%.

நீங்கள் பார்த்த 97 இதுதான். ஸ்மோட் போட்ட டேட்டாவில் ஃபோல்டு பிரித்ததால் வேலிடேஷன் பகுதியிலும் பாதிக்குப் பாதி ஃபிராடு இருந்தது. அப்படி ஒரு உலகம் இல்லை. ரீகாலும் தவறாகப் பிடிக்கும் விகிதமும் ஒவ்வொரு வகுப்புக்குள்ளேயே கணக்கிடப்படுகின்றன, ஆகவே கலவை மாறினால் அவை மாறாது. பிரிசிஷன் இரண்டு வகுப்பையும் கூட்டிப் பார்க்கிறது, ஆகவே கலவை மாறினால் தலைகீழாகும். 

லீக்கேஜ் எங்கே கடிக்கும் என்றால் ரேண்டம் ஃபாரஸ்டில். லாஜிஸ்டிக்குக் கையில் இருப்பது முப்பத்துச் சொச்சம் எண்கள், தனித்தனிப் புள்ளியை மனப்பாடம் செய்ய அதற்கு வசதி இல்லை. மரங்களுக்கு உண்டு. அதில் ஓட்டிப் பாருங்கள்.

இளமாறன்

அக்கா, இரண்டையும் செய்துவிட்டேன். பைப்லைனுக்குள் ஸ்மோட் வைத்ததும் லாஜிஸ்டிக்கின் வேலிடேஷன் பிரிசிஷனே 6% பக்கம் வந்துவிட்டது, ரீகால் சில புள்ளிகள்கூட மாறவில்லை. நீங்கள் சொன்னபடியே.

ரேண்டம் ஃபாரஸ்டில் பழைய முறையில் ரீகால் கிட்டத்தட்ட 100% காட்டியது. பைப்லைனில் எண்பதுகளுக்கு இறங்கிவிட்டது. செந்தில் அண்ணா சொன்ன லீக்கேஜ் அங்கேதான் இருந்திருக்கிறது.

ஆனால் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. லாஜிஸ்டிக்கில் மூன்று முறையும் 6%-தான் தருகின்றன. ஒன்றுமே போடாமல் ஓட்டினால் பிரிசிஷன் எண்பதைத் தாண்டுகிறது, ரீகால் அறுபதுகளில் நிற்கிறது. அப்படியானால் இந்த மூன்றும் என்னதான் செய்கின்றன?

ராஜேந்திரன்

நான் புள்ளியியல் பாடம் எடுத்தவன், இப்போது ஓய்வு. இந்தக் கேள்விக்கு லாஜிஸ்டிக்கில் நேரான விடை உண்டு.

உங்கள் டிரெயினில் 394 ஃபிராடு, 2,27,451 நல்லவை. நல்லவற்றில் 394-ஐ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், ஆயிரத்தில் 1.7-ஐ வைத்துக்கொண்டு மற்றதை வீசுகிறீர்கள். கண்ணை மூடி எடுத்ததால் நல்லவற்றின் குணம் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. அப்போது மாடலின் சரிவுக் குணகங்கள் கோட்பாட்டளவில் மாறக்கூடாது. இன்டர்செப்ட் மட்டும் நகரும். எவ்வளவு? 2,27,451/394-இன் இயல் மடக்கை, அதாவது 6.36. அவ்வளவு தூரம் மேலே ஏறியிருக்கும். அரசியல் அறிவியலில் அரிதான நிகழ்வுகளைப் பற்றி கிங், ஜெங் இருவரும் 2001-இல் எழுதிய கட்டுரையில் இந்தத் திருத்தம் வருகிறது. நோய்க்காரணம் ஆராய்பவர்கள் கேஸ்-கண்ட்ரோல் ஆய்வுகளில் அதற்கும் வெகு முன்பிருந்தே இதைப் பயன்படுத்துகிறார்கள்.

`class_weight="balanced"` செய்வதும் அதேதான். ஃபிராடு ஒன்றுக்கு நல்லதைப் போல் 577 மடங்கு எடை. ஃபிராடை 577 முறை நகலெடுத்தாலும் அதே. மூன்றும் சேர்ந்து மாடலிடம் சொல்வது ஒரே சேதி: உலகில் பாதிப் பரிவர்த்தனை ஃபிராடு. மாடல் அதை நம்பி, அந்த உலகத்துக்கான நிகழ்தகவைத் தருகிறது.

திரும்ப நம் உலகத்துக்குக் கொண்டுவரச் சூத்திரம் இது.

```python
beta = 394 / 227451
p = beta * ps / (beta * ps - ps + 1)
```

`ps` என்பது சமப்படுத்திய மாடல் சொல்வது. அது 0.5 என்றால் உண்மையில் 0.17%. 0.9 என்றால் 1.5%. 0.99 என்றே சொன்னாலும் 14.6%-தான்.

0.5-க்கு மேல் போனால் ஃபிராடு என்று நீங்கள் வெட்டினீர்கள் அல்லவா? அது அசல் மாடலில் 0.0017-இல் வெட்டுவதற்குச் சமம். ஊரின் சராசரியைவிடக் கொஞ்சம் சந்தேகம் வந்தாலே கையைப் பிடிக்கிறீர்கள். 6% பிரிசிஷன் வருவதில் வியப்பு ஏதும் இல்லை.

செந்தில்_டேட்டா

சார், நகலெடுப்பதும் வெயிட்டும் ஒன்று என்பது லாஜிஸ்டிக்குச் சரி. அப்படியானால் எல்லா மாடலுக்கும் ஒன்றுதானே? ஓவர்சாம்ப்ளிங்கே வேண்டாம், எல்லாரும் வெயிட் போட்டுவிடலாமே.

ராஜேந்திரன்

லாஜிஸ்டிக்கிலேயே ஒரு சிறு வேறுபாடு உண்டு. scikit-learn-இல் `C` என்பது இழப்புகளின் கூட்டுத்தொகையைப் பெருக்குகிறது. balanced வெயிட்டில் எடைகளின் மொத்தம் பழைய வரிசை எண்ணிக்கையாகவே இருக்கும். நகலெடுத்தால் வரிசை ஏறக்குறைய இருமடங்காகிறது, ஆகவே அதே `C`-க்கு ரெகுலரைசேஷன் பாதியாகக் குறைந்துவிடும். 394 ஃபிராடை வைத்துக்கொண்டு இரண்டு லட்சம் ஃபிராடு பார்த்ததாக மாடல் நினைக்கும். யாராவது அதன்மேல் நியமப் பிழை கணக்கிட்டால் அபத்தமான துல்லியம் வரும்.

மரங்களைப் பற்றி அன்பரசி சொல்லட்டும்.

அன்பரசி

மரங்களில் இரண்டும் ஒன்றல்ல. `min_samples_leaf=20` என்று வைத்தால் அது வரிசைகளை எண்ணும், எடையைப் பார்க்காது. ஒரே ஒரு ஃபிராடை 577 முறை நகலெடுத்தால் அது மட்டும் தனியாக ஓர் இலையில் உட்கார முடியும், ஏனென்றால் 577 வரிசை இருக்கிறது. வெயிட் போட்டால் முடியாது, அது இன்னும் ஒரே வரிசைதான். கண்மூடித்தனமான நகல் மரங்களை ஓவர்ஃபிட் ஆக்குகிறது என்பதன் உள்விவகாரம் இதுதான்.

XGBoost-இல் கதை வேறு. அங்கே `min_child_weight` எடையையும் சேர்த்துத்தான் கூட்டும். `scale_pos_weight`-ஐ 577-க்கு ஏற்றினால், ஒற்றை ஃபிராடே அந்தத் தடையைத் தாண்டிவிடும். அதை ஏற்றுகிறவர்கள் `min_child_weight`-ஐயும் கூடவே ஏற்ற வேண்டும். பலர் விட்டுவிடுகிறார்கள்.

பூங்குழலி

குறுக்கே வருகிறேன். நான் தமிழ் யூடியூப் கமெண்டுகளில் வசவுகளைக் கண்டுபிடிக்கிற நியூரல் மாடல் செய்கிறேன். வசவு மிகக் குறைவு. லாஸில் கிளாஸ் வெயிட் கொடுத்தேன், லாஸ் கோடு ஈசிஜி மாதிரி குதித்துக்கொண்டே இருந்தது. ஓவர்சாம்ப்ளிங்குக்கு மாறினேன், அடங்கிவிட்டது. இரண்டும் ஒன்று என்றால் இது ஏன்?

அன்பரசி

நல்ல கேள்வி பூங்குழலி. பேட்ச்தான் காரணம். இளமாறனின் டேட்டாவில் வைத்தே பார்ப்போம். 32 வரிசை கொண்ட ஒரு பேட்சில் ஒரு ஃபிராடுகூட இல்லாமல் போகும் வாய்ப்பு 0.99827-இன் 32-ஆவது அடுக்கு, ஏறக்குறைய 95%. இருபது பேட்சில் பத்தொன்பது பேட்ச் ஃபிராடைப் பார்ப்பதே இல்லை. இருபதாவதில் ஒன்று வரும்போது 577 மடங்கு எடையோடு வந்து கிரேடியன்டை ஒரே அடியாக இழுக்கிறது. சராசரியில் நகலெடுப்பதும் வெயிட்டும் ஒன்றுதான், ஆனால் ஏற்ற இறக்கம் ஒன்றல்ல. மாடல் சராசரியில் ஓடுவதில்லை, பேட்ச் பேட்சாக ஓடுகிறது.

அதனால் நியூரலில் `WeightedRandomSampler` போல ஒவ்வொரு பேட்சிலும் சில ஃபிராடு கிடைக்கும்படி எடுப்பது நியாயம். பாதிக்குப் பாதி தேவையில்லை. பத்தில் ஒன்று இருந்தாலே லாஸ் அடங்கும். முடிந்தபின் ராஜேந்திரன் சார் சொன்ன திருத்தத்தைப் போட மறக்கக்கூடாது.

செந்தில்_டேட்டா

திருத்தம் எதற்கு? இளமாறனின் மாடலுக்கு ஆர்ஓசி ஏயூசி 0.97-க்குக் குறையாது. மாடல் நல்ல மாடல். எந்தப் பரிவர்த்தனை மேலே, எது கீழே என்ற வரிசைதான் முக்கியம். இந்தச் சூத்திரம் வரிசையை மாற்றவில்லையே.

அன்பரசி

வரிசை மாறாது, உண்மை. ஒரு நாளைக்கு இத்தனை அலர்ட்தான் பார்க்க முடியும் என்று இருந்தால், மேலிருந்து எண்ணி எடுத்துக்கொள்ளலாம், நிகழ்தகவு எதுவாக இருந்தாலும் கவலை இல்லை. ஆனால் ஆர்ஓசி 0.97-ஐ வைத்து நல்ல மாடல் என்று சொல்லிவிட வேண்டாம். அந்தக் கோட்டின் ஒரு புள்ளியில்தான் இளமாறன் நிற்கிறார்: ரீகால் 92, தவறாகப் பிடிப்பது 2.4%. ஆர்ஓசி படத்தில் அது மூலையை ஒட்டி அழகாக இருக்கும். அந்த 2.4%-க்குப் பின்னால் 1,386 பேரின் கார்டு இருக்கிறது. இவ்வளவு அரிதான விஷயத்தில் பிரிசிஷன்-ரீகால் கோட்டைப் பாருங்கள், எண் ஒன்று வேண்டுமென்றால் `average_precision`.

நிகழ்தகவு எங்கே தேவைப்படும் என்று நான் வேலை செய்யும் துறையிலிருந்து சொல்கிறேன். ஒரு அலர்ட்டை ஒருவர் எடுத்துப் பார்க்க 3 யூரோ செலவு என்று வைத்துக்கொள்வோம். விட்டுவிட்டால் அந்தப் பரிவர்த்தனைத் தொகை போய்விடும். அப்போது முடிவு எளிது: நிகழ்தகவைத் தொகையால் பெருக்கினால் 3-ஐத் தாண்டுகிறதா?

இந்த டேட்டாவில் ஃபிராடின் சராசரித் தொகை சுமார் 122. ஆனால் மீடியன் 9.25 மட்டுமே, பெரும்பாலானவை சின்னத் தொகைகள். 122 யூரோ பரிவர்த்தனைக்கு 2.5% சந்தேகம் வந்தாலே பார்க்கலாம். 9.25-க்கு 32% வேண்டும். ஒரே திரெஷோல்ட் எல்லாருக்கும் பொருந்தாது.

இப்போது சமப்படுத்திய மாடல் 122 யூரோ பரிவர்த்தனை ஒன்றுக்கு 0.9 என்கிறது. அப்படியே எடுத்தால் எதிர்பார்க்கும் இழப்பு 110 யூரோ, ஓடிப்போய்ப் பார்ப்போம். திருத்தினால் நிகழ்தகவு 1.5%, இழப்பு 1.9 யூரோ. பார்க்கவே தேவையில்லை. ஒரே மாடல், ஒரே பரிவர்த்தனை, எதிரெதிர் முடிவு. திருத்தம் இதற்குத்தான்.

ராஜேந்திரன்

மருத்துவத்தில் இது இன்னும் கூர்மையாக வரும். நோயாளியிடம் உங்களுக்கு ஆபத்து 40% என்று சொல்லிவிட்டு அது உண்மையில் 4% என்றால் தேவையில்லாத சிகிச்சை நடக்கும். 2022-இல் ஜாமியா என்ற மருத்துவத் தகவலியல் இதழில் இதையே ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. லாஜிஸ்டிக்கில் ஓவர்சாம்ப்ளிங், அண்டர்சாம்ப்ளிங், ஸ்மோட் மூன்றுமே ஆபத்தை மிகைப்படுத்தின, ஏயூசியை உயர்த்தவில்லை. திரெஷோல்டை நகர்த்தினாலே அதே பலன் கிடைத்தது.

இளமாறன்

சார், ஸ்மோட்டுக்கும் அதே `beta` சூத்திரம் போட்டேன். ஆனால் பத்துப் பெட்டியாகப் பிரித்துப் பார்த்தால் திருத்திய நிகழ்தகவும் உண்மை விகிதமும் ஒத்துவரவில்லை. அண்டர்சாம்ப்ளிங்கில் ஓரளவு ஒத்துவந்தது. ஏன்?

அன்பரசி

சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு வகுப்பின் எண்ணிக்கை மட்டும் மாற வேண்டும், உள்ளே இருக்கும் வடிவம் மாறக்கூடாது. அண்டர்சாம்ப்ளிங், வெயிட், நேரடி நகல் மூன்றும் அதைக் காப்பாற்றுகின்றன. ஸ்மோட் காப்பாற்றுவதில்லை. ஃபிராடுகளுக்கு இடையில் இருந்த வெற்றிடத்தை அது நிரப்புகிறது. அந்த வெற்றிடத்தில் நல்லவை நிறைய இருக்கலாம், ஸ்மோட் அவற்றைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். முதலில் ஓட்டியபோது `Time`, `Amount` இரண்டையும் ஸ்கேல் செய்தீர்களா?

இளமாறன்

முதல் ஓட்டத்தில் இல்லை அக்கா. `V1` முதல் `V28` வரை ஏற்கெனவே பிசிஏ செய்தவை என்று விட்டுவிட்டேன். செந்தில் அண்ணாவின் பைப்லைனில்தான் ஸ்கேலர் வந்தது.

அன்பரசி

அப்படியானால் அந்த முதல் ஸ்மோட் என்ன செய்தது என்று பார்ப்போம், இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஸ்மோட் வழக்கமாக ஐந்து பக்கத்துப் புள்ளிகளைத் தேடும். பக்கம் என்பதைத் தூரத்தை வைத்துத்தான் முடிவு செய்யும். `V` காலம்கள் எல்லாம் ஒன்று, இரண்டு என்ற அளவில் ஆடுபவை. `Amount` நூற்றுக்கணக்கில். `Time` நொடிகளில், பூஜ்யத்திலிருந்து 1,72,792 வரை. இவற்றைக் கூட்டித் தூரம் எடுத்தால் `Time`-ஐத் தவிர வேறு எதுவும் கணக்கில் ஏறாது. ஒரே நேரத்தில் நடந்த இரண்டு ஃபிராடுகள், வகையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாவிட்டாலும், அண்டை வீட்டுக்காரர்கள் ஆகிவிடும். அவற்றுக்கு நடுவில் உருவாகும் புள்ளி எந்த வகை ஃபிராடும் இல்லை.

கண்டுபிடிப்பது சுலபம். ஸ்கேல் செய்தும் செய்யாமலும் ஒவ்வொரு ஃபிராடுக்கும் ஐந்து அண்டைகளை `NearestNeighbors` வைத்து எடுங்கள், எத்தனை ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். கூடவே, உருவான புள்ளிகளுக்கு மிக அருகில் இருக்கும் அசல் புள்ளி எந்த வகுப்பு என்றும் எண்ணுங்கள். பெரும்பாலும் நல்லவையே அருகில் இருந்தால், ஸ்மோட் தவறான இடத்தில் ஃபிராடு முத்திரை குத்துகிறது.

ஸ்மோட் நிகழ்தகவைச் சரிசெய்ய வேண்டுமென்றால், கை படாத டேட்டாவில் `CalibratedClassifierCV` போல ஒன்றை வைத்து மறுபடி பொருத்தத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பொருத்தலுக்கும் ஃபிராடு தேவை, உங்களிடம் இருப்பதோ 394.

செந்தில்_டேட்டா

ஸ்கேலிங் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் வேலையில், கஸ்டமர் விட்டுப்போவதைக் கணிக்கிற மாடலில், கிரேடியன்ட் பூஸ்டிங்கோடு ஸ்மோட் போட்டபோது எஃப்1 நன்றாகவே ஏறியது. அதை என்ன சொல்வது?

அன்பரசி

இரண்டு பக்கமும் 0.5-இல் வெட்டி ஒப்பிட்டீர்களா? அப்படியானால் ஸ்மோட் தந்ததில் பெரும்பகுதி திரெஷோல்ட் நகர்ந்ததன் பலனாக இருக்கலாம். ஸ்மோட் இல்லாத மாடலுக்கும் வேலிடேஷனில் எஃப்1 உச்சமாகும் திரெஷோல்டைத் தேடிக் கொடுத்துவிட்டு ஒப்பிடுங்கள். அதன்பிறகும் ஸ்மோட் ஜெயித்தால், செயற்கைப் புள்ளிகள் மாடலைக் கொஞ்சம் மழுங்கவைத்து ஓவர்ஃபிட்டைத் தடுத்திருக்கலாம். அது நடக்கக்கூடியதே.

செந்தில்_டேட்டா

0.5-இல்தான் ஒப்பிட்டேன். திரெஷோல்ட் தேடி ஓட்டிப் பார்க்கிறேன். ஆனால் `average_precision`-உம் ஏறியதாக நினைவு, அதற்கு இந்த விளக்கம் போதாது.

பூங்குழலி

அண்டர்சாம்ப்ளிங்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2,27,451-இல் 394-ஐ வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் வீசுவது எனக்குப் பாவமாகத் தெரிகிறது.

ராஜேந்திரன்

ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால் நட்டம்தான். ஆனால் ஒன்றுக்கு இருபது வைத்துப் பாருங்கள். 394 ஃபிராடுக்கு 7,880 நல்லவை. லாஜிஸ்டிக்கில் குணகங்களின் நிச்சயமின்மையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குறைந்த வகுப்பு. ஐந்து, பத்து மடங்குக்கு மேல் நல்லவற்றைச் சேர்ப்பதால் கிடைப்பது வேகமாகக் குறைந்துகொண்டே போகும். கேஸ்-கண்ட்ரோல் ஆய்வுகளில் ஒரு நோயாளிக்கு நான்கைந்து பேருக்கு மேல் எடுப்பதில்லை என்ற வழக்கம் அதனால் வந்தது.

அன்பரசி

இங்கே சாரோடு எனக்குச் சிறு கருத்து வேறுபாடு. அந்தக் கணக்கு குணகங்களுக்குப் பொருந்தும். ஃபிராடில் நமக்கு வேண்டியது பட்டியலின் உச்சி: அசாதாரணமான, ஆனால் நல்ல பரிவர்த்தனைகளையும் ஃபிராடையும் பிரிப்பது. அப்படிப்பட்ட விசித்திரமான நல்லவை மிகச் சில. ஒன்றுக்கு இருபது எடுத்தாலும் இருபத்தொன்பதில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்கிறோம், அவற்றில் பெரும்பாலானவை விடுபடும். பிறகு அவை டெஸ்டில் வரும்போது மாடல் அவற்றைப் பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு மரத்துக்கும் வேறு வேறு நல்லவற்றை எடுக்கிற `BalancedRandomForestClassifier` இதில் கொஞ்சம் பரவாயில்லை, ஒரு மரம் விட்டதை இன்னொன்று பார்க்கும். கோடிக்கணக்கான வரிசை இருந்து நினைவகம் கொள்ளவில்லை என்றால் அண்டர்சாம்ப்ளிங் தவிர வழியில்லை, நானும் செய்கிறேன். 2,27,000 வரிசைக்கு அந்த அவசியம் இல்லை.

ராஜேந்திரன்

உச்சியைப் பற்றிச் சொல்வது நியாயமே. மாடலின் வடிவம் சரியாக இருந்தால் குணகம் சரியானதும் உச்சியும் சரியாகும். வடிவம் தவறாக இருந்தால் நீங்கள் சொல்வது நடக்கும். இந்த டேட்டாவில் எது என்று ஓட்டித்தான் சொல்ல முடியும்.

இளமாறன்

ஓட்டிவிட்டேன் சார். ஒரே ஃபோல்டுகளில், எல்லாம் பைப்லைனுக்குள், லாஜிஸ்டிக், `average_precision`. ஒன்றும் போடாதது, வெயிட், ஸ்கேல் செய்த ஸ்மோட் மூன்றும் 0.7-ஐத் தாண்டி ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக நிற்கின்றன. ஒன்றுக்கு ஒன்று அண்டர்சாம்ப்ளிங் மட்டும் தள்ளாடுகிறது, `random_state` மாற்றினால் எண்ணும் மாறுகிறது. ஒன்றுக்கு இருபதில் தள்ளாட்டம் குறைந்தது, ஆனாலும் கொஞ்சம் கீழேதான்.

வெயிட், ஒன்றும் போடாதது இரண்டில் டெஸ்டில் எது மேல் என்று பார்த்தால், ஒரே அளவு அலர்ட்டில் ஒன்று 84-ஐயும் மற்றது 82-ஐயும் பிடிக்கிறது. வெயிட்டையே எடுத்துக்கொள்ளலாமா?

அன்பரசி

98-இல் 82-க்கும் 84-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. இந்த அளவு டெஸ்டில் ரீகாலின் 95% எல்லையே மேலும் கீழும் ஏழு புள்ளிக்குக் கிட்ட வரும். இரண்டு ஃபிராடு அதற்குள் அடங்கிவிடும்.

நானாக இருந்தால் ஒன்றும் போடாத மாடலை எடுத்து, நிகழ்தகவு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு, தொகையோடு பெருக்கித் திரெஷோல்ட் வைப்பேன். ஒரு படி குறைவு, திருத்த வேண்டியதும் இல்லை.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, இந்த டேட்டாவில் 1,081 வரிசை அப்படியே மறுபடி வருகின்றன, அவற்றில் ஃபிராடும் உண்டு. நீக்கினால் ஃபிராடு 492-லிருந்து 473 ஆகும். நீக்காவிட்டால் எந்த ஸ்மோட்டும் போடாமலே அதே வரிசை டிரெயினிலும் டெஸ்டிலும் இருக்கும். இரண்டாவது, கலைத்துப் பிரிக்காமல் `Time` 86,400-க்கு முன்னால் உள்ள முதல் நாளை டிரெயினாகவும், இரண்டாம் நாளை டெஸ்டாகவும் வையுங்கள். நாளைய பரிவர்த்தனையைத்தான் மாடல் பார்க்கப்போகிறது.

இளமாறன்

நன்றி அக்கா. அப்படிப் பிரிக்கும்போது ஒரு சந்தேகம். முதல் நாளின் ஃபிராடு விகிதமும் இரண்டாம் நாளின் விகிதமும் ஒன்றாக இருக்காதே. திருத்தத்தில் `beta`-வை எந்த நாளின் எண்ணிலிருந்து எடுப்பது? இரண்டாம் நாளினுடையது நமக்கு முன்கூட்டித் தெரியாது.

ராஜேந்திரன்

`beta` எப்போதும் டிரெயினில் நீங்கள் எத்தனை பங்கு வைத்துக்கொண்டீர்கள் என்பது மட்டும்தான், ஆகவே முதல் நாள். அது உங்களை முதல் நாளின் உலகத்துக்குத் திருப்பும். அங்கிருந்து இரண்டாம் நாளின் விகிதத்துக்கு நகர்த்துவது தனி வேலை. லேபிள் இல்லாமலே புது விகிதத்தை மாடலின் வெளியீட்டிலிருந்து திரும்பத் திரும்ப மதிப்பிடும் முறை ஒன்று உண்டு, ஆனால் இவ்வளவு அரிதான வகுப்பில் அது எவ்வளவு தூரம் நிலையாக நிற்கும் என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. நீங்கள் இரண்டு நாளையும் பிரித்து ஓட்டி, பத்துப் பெட்டிப் படத்தை இங்கே போடுங்கள், அதைப் பார்த்துப் பேசுவோம்.